ஒன்பது முகங்களில் ஒன்று மட்டும்

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த எட்டுப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை ஜூமில் கூடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு சிலருக்குக் கை ஏன் வீங்குகிறது, அதற்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று ஒரு டாக்டர் அவர்களுக்கு விளக்குகிறார். மொத்தம் ஒன்பது பேர். திரையில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று கட்டங்கள். ஒருவர் தலையில் துணி கட்டியிருக்கிறார். ஒருவருக்கு முடி இப்போதுதான் வளரத் தொடங்கியிருக்கிறது. ஒருவருடைய மகன் பின்னால் நடந்து போகிறான். ஒவ்வொரு கட்டத்தின் கீழ் மூலையிலும் அவரவர் பெயர் இருக்கிறது.

டாக்டரின் பேச்சு அருமையாக அமைந்துவிடுகிறது. இதை யூடியூபில் போட்டால் இன்னும் எத்தனையோ பெண்களுக்குப் பயன்படும் என்று எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். டாக்டருக்கும் சம்மதம். மற்ற எட்டுப் பேரும் கூட்டத்தில் கலந்துகொள்ளத்தான் வந்தார்கள், யூடியூபில் தோன்ற அல்ல. ஒருவருடைய நோய் மாமியார் வீட்டுக்கே தெரியாமல் இருக்கலாம். 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், எந்த நோக்கத்துக்காக ஒப்புதல் வாங்கினோமோ அந்த நோக்கத்துக்கு மட்டும்தான் அது செல்லும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எட்டு முகங்களும் எட்டுப் பெயர்களும் வெளியே போகக்கூடாது. ஆகவே டாக்டரின் கட்டத்தை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும்.

செல்போனில் படம் வெட்டத் தெரிந்தவர்கள், இதிலென்ன இருக்கிறது என்று நினைப்பார்கள். ஒரு படத்தில் முகம் இருந்த இடத்தில்தான் இருக்கும். கூட்டத்தின் பதிவில் அப்படி இருக்காது. வெட்டும்போது டாக்டர் இருந்த இடத்தில் பத்து நிமிடம் கழித்து வேறொருவர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இந்த வேலையின் சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

முதலில், பதிவுக் கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கூட்டம் நடக்கும்போது ஒவ்வொருவருடைய கேமராப் படமும் தனித்தனியாக வருகிறது. கேலரி வியூவில் பதிவு செய்யும்போது ஜூம் அவற்றை எல்லாம் அடுக்கி ஒரே படமாக்கி, அந்த ஒரே படத்தைத்தான் எம்பி4 கோப்பில் எழுதுகிறது. பிறகு அதைத் திறந்து டாக்டருடைய படத்தை மட்டும் தனியே உருவ முடியாது, ஏனென்றால் அங்கே தனிப் படம் என்று எதுவும் மிச்சமில்லை. கட்டத்தைச் சுற்றிக் கத்தி வைப்பது ஒன்றே வழி.

தெளிவைப் பற்றியும் இப்போதே பேசிவிடலாம். நம் பதிவு 1280 பிக்சல் அகலம், 720 பிக்சல் உயரம். அதில் ஒரு கட்டம் ஏறத்தாழ 420 அகலம், 236 உயரம். டாக்டருடைய கேமரா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், சிறிய கட்டத்துக்குச் சிறிய படம் போதும் என்று மென்பொருள் குறைந்த தெளிவுள்ள படத்தைத்தான் வரவழைத்துக்கொள்கிறது. வெட்டி எடுத்த பிறகு மொத்தத் திரையின் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான படம்தான் நம் கையில் இருக்கும். அதை முழுத் திரைக்கு இழுத்தால் முகம் மங்கும், கண்ணும் வாயும் கரைந்துபோகும். இல்லாத நுணுக்கத்தை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. நான் பரிந்துரைப்பது, இருமடங்குக்கு மேல் பெரிதாக்காமல் ஒரு நிறத் திரையின் நடுவில் அந்தப் படத்தை வைப்பது. பக்கத்தில் தலைப்போ பயிற்சியின் படமோ போட இடமும் கிடைக்கும். பார்ப்பவர்கள் சிறிய, தெளிவான முகத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். பெரிய, மங்கிய முகத்தை நாற்பது நிமிடம் பார்க்க மாட்டார்கள்.

இனி அளவெடுப்போம். இதற்கு நான் எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். பட்டன்கள் இல்லாமல், கட்டளையைத் தட்டச்சு செய்து வேலை வாங்கும் மென்பொருள் அது. பழகச் சிரமமாகத் தெரிந்தாலும், எந்த இடத்தில் எத்தனை பிக்சல் வெட்டினோம் என்பது எழுத்தில் நிற்கும். ஷாட்கட், டாவின்சி ரிசால்வ் போன்ற எடிட்டிங் மென்பொருள்களிலும் இதே வேலையை மவுஸால் செய்யலாம். எண்கள் மாறாது. பதிவின் பத்தாவது நிமிடத்திலிருந்து ஒரு படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்:

```
ffmpeg -ss 00:10:00 -i meeting.mp4 -frames:v 1 frame.png
```

அந்தப் படத்தை விண்டோஸ் பெயிண்ட்டில் திறந்து, கட்டத்தின் மூலைகளில் மவுஸை வைத்தால், கீழே பிக்சல் எண்கள் தெரியும். கணக்கு எப்போதும் இடது மேல் மூலையிலிருந்து தொடங்கும். நம் எடுத்துக்காட்டில் டாக்டர் நடு வரிசையின் வலது கடைசியில் இருக்கிறார். வரிசையாக எண்ணினால் ஆறாவது கட்டம். அது இடமிருந்து 855-வது பிக்சலிலும், மேலிருந்து 242-வது பிக்சலிலும் தொடங்குகிறது. அகலம் 420, உயரம் 236.

இதை அப்படியே வெட்டக்கூடாது. பேசுபவரின் கட்டத்தைச் சுற்றி நிறக்கோடு தோன்றித் தோன்றி மறையும். ஓரத்தில் பக்கத்துக் கட்டத்தின் கீற்று ஒன்று எட்டிப் பார்க்கவும் கூடும். ஆகவே நான்கு பக்கமும் கொஞ்சம் உள்ளே தள்ளி, 400 அகலமும் 224 உயரமும் வெட்டுகிறேன். தொடங்கும் இடம் இடமிருந்து 864, மேலிருந்து 248. நான்கும் இரட்டைப்படை எண்களாக இருப்பது தற்செயல் அல்ல. வழக்கமான வீடியோ முறையில் நிறத்தின் விவரம் இரண்டுக்கு இரண்டு பிக்சல் கொண்ட சிறு சதுரங்களுக்குத்தான் சேமிக்கப்படுகிறது. ஒற்றைப்படை அகலமோ உயரமோ கொடுத்தால் பல மென்பொருள்கள் மறுத்துவிடும், அல்லது தாமாகவே ஒரு பிக்சலைக் குறைத்துக்கொள்ளும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடப் பேச்சையும் ஒரே மூச்சில் வெட்டிவிடத் தோன்றும். செய்து பாருங்கள், முதல் பதினோரு நிமிடம் சரியாகவே இருக்கும். பிறகு டாக்டருடைய குரல் தொடரும், ஆனால் திரையில் வேறொரு பெண் இருப்பார்.

காரணம் இதுதான். யாராவது உள்ளே வந்தாலோ வெளியேறினாலோ ஜூம் கட்டங்களை மறுபடியும் அடுக்குகிறது. ஒன்பது பேருக்கு மூன்றுக்கு மூன்று போதும். பத்தாவது ஆள் வந்தால் இடம் போதாது, வரிசைக்கு நான்கு என்று மாறுகிறது. கட்டம் சிறுக்கிறது, எல்லோருடைய இடமும் நகர்கிறது. யாராவது வெளியேறினால் அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஒரு இடம் முன்னே வருகிறார்கள். கேமராவை அணைத்துவிட்டு மறுபடி போடுவதும் சில சமயம் இடத்தை மாற்றிவிடும், ஏனெனில் கேமரா ஓடுபவர்களை முன்னால் வைப்பது ஜூமின் வழக்கம்.

நம் கூட்டத்தில் நடந்ததைப் பார்க்கலாம். 11 நிமிடம் 40 நொடியில் தாமதமாக ஒருவர் வருகிறார். இணைய இணைப்பு சரியில்லாமல் 12 நிமிடம் 25 நொடியில் போய்விடுகிறார். 31 நிமிடம் 10 நொடியில், முதல் வரிசையின் நடுவில் இருந்த ஒரு பெண் வீட்டு வேலை காரணமாக விடைபெறுகிறார். 42-வது நிமிடத்தில் பேச்சு முடிந்து கேள்வி நேரம் தொடங்குகிறது.

31:10-க்குப் பிறகு என்ன ஆகும் என்று நின்று யோசிக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில் இருந்தவர் போய்விட்டதால் ஆறாம் கட்டத்தில் இருந்த டாக்டர் ஐந்தாம் கட்டத்துக்கு வருகிறார். ஏழாம் கட்டத்தில் இருந்தவர் ஆறாம் கட்டத்துக்கு வருகிறார். கட்டத்தின் அளவு மாறவே இல்லை. ஆகவே நம் பழைய எண்கள் அந்த ஏழாவது பெண்ணின் முகத்தை ஓரம்கூடப் பிசகாமல், அழகாகச் சட்டம் போட்டு, இருமடங்கு பெரிதாக்கி, கடைசிவரை காட்டும். வெட்டாமலே போட்டிருந்தால் எட்டு முகங்களில் ஒன்றாக இருந்திருப்பார். இப்போது திரையில் அவர் மட்டும் இருக்கிறார், புற்றுநோய் பற்றிய வீடியோவில். முதல் சில நிமிடங்களை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் சரி’ என்று ஏற்றுபவர்களுக்கு நேரக்கூடிய விபத்து இது.

ஆகவே வெட்டுவதற்கு முன்பே இடமாற்றங்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதற்கு எனக்குப் பிடித்த முறை, பத்து நொடிக்கு ஒரு படம் வீதம் எடுத்து, முப்பத்தாறு படங்களை ஒரே தாளில் அடுக்கிப் பார்ப்பது:

```
ffmpeg -i meeting.mp4 -vf "fps=1/10,scale=320:-2,tile=6x6" sheet_%02d.png
```

ஒரு தாளில் ஆறு நிமிடம் அடங்கும். 42 நிமிடப் பேச்சுக்கு ஏழு தாள்கள். கட்டங்களின் அடுக்கு எங்கே மாறுகிறது என்று ஒரு பார்வையிலேயே தெரிந்துவிடும். அந்த இடத்துக்குப் போய், சரியான நொடியைக் குறித்துக்கொள்ளலாம்.

பத்து நொடிக்குள் வந்து போகிறவர்கள் இந்தத் தாளில் சிக்காமல் போகலாம். அவர்களுக்காக இன்னொரு சோதனை. வெட்டிய பகுதியை மட்டும் பார்த்து, அடுத்தடுத்த படங்களுக்கு இடையே திடீரென்று பெரிய வேறுபாடு வரும் இடங்களை மட்டும் சொல்லச் செய்யலாம்:

```
ffmpeg -i meeting.mp4 -vf "crop=400:224:864:248,select='gt(scene,0.2)',showinfo" -f null -
```

டாக்டர் கையை அசைத்தாலோ தலையைத் திருப்பினாலோ வேறுபாடு சிறிதாகத்தான் இருக்கும். ஒரு முகம் போய் இன்னொரு முகம் வந்தால், பின்னணிச் சுவர், வெளிச்சம், சேலையின் நிறம் எல்லாம் ஒரே கணத்தில் மாறும். அந்த இடங்களின் நேரம் திரையில் ஓடும் வரிகளில் `pts_time` என்ற சொல்லுக்குப் பக்கத்தில், நொடிக் கணக்கில் வரும். 700 என்று வந்தால் 11 நிமிடம் 40 நொடி. இருவரும் ஒரே மாதிரி வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் 0.2 என்ற அளவு அதைத் தவறவிடும். அப்போது 0.1 என்று குறைத்துப் பார்க்க வேண்டும். பொய் எச்சரிக்கைகள் கூடுதலாக வரும், அவற்றைக் கண்ணால் பார்த்துத் தள்ளிவிடலாம்.

இப்போது பேச்சு நான்கு துண்டுகளாகப் பிரிகிறது. முதல் துண்டு தொடக்கத்திலிருந்து 11:40 வரை. அதற்கான கட்டளை இது:

```
ffmpeg -i meeting.mp4 -ss 00:00:00 -to 00:11:40 -vf "crop=400:224:864:248,scale=800:448:flags=lanczos,pad=1280:720:240:136:color=0x202830" -c:v libx264 -crf 18 -c:a aac part1.mp4
```

`crop` என்பதற்குப் பின்னால் வரும் நான்கு எண்களும் வரிசையாக அகலம், உயரம், இடமிருந்து தூரம், மேலிருந்து தூரம். `scale` அந்தத் துண்டை இருமடங்கு ஆக்குகிறது. `pad` அதை ஒரு கருநீலச் சாம்பல் திரையின் நடுவில் வைக்கிறது. `crf 18` என்பது தரம். எண் குறையக் குறையத் தரமும் கோப்பின் அளவும் கூடும். ஏற்கெனவே சிறிய படம் என்பதால் இங்கே கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

இரண்டாம் துண்டு 11:40 முதல் 12:25 வரை, பத்துப் பேர் இருந்த முக்கால் நிமிடம். இதில் கட்டங்கள் சிறியவை. டாக்டர் இன்னும் ஆறாவது ஆள்தான், ஆனால் வரிசைக்கு நான்கு என்பதால் ஆறாவது இடம் இரண்டாம் வரிசையில் இரண்டாவதாக வருகிறது. அளந்து பார்த்தால் `crop=300:168:330:276` பொருந்துகிறது. 300-க்கு 168 என்பதும் 400-க்கு 224 என்பதும் ஒரே விகிதம். அதனால் `scale` மாற்றாமல் அதே 800-க்கு 448 ஆகப் பெரிதாக்கினால் சட்டம் குதிக்காது. அந்த முக்கால் நிமிடம் மட்டும் படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், அவ்வளவுதான். மூன்றாம் துண்டு 31:10 வரை, அதற்கு முதல் துண்டின் எண்களே போதும். நான்காம் துண்டில் டாக்டர் ஐந்தாம் கட்டத்தில், அதாவது நட்டநடுவில் இருக்கிறார். அதற்கு `crop=400:224:440:248`. 42:00-இல் நிறுத்திவிடுகிறேன்.

துண்டுகளின் விளிம்பில்தான் கவனம் தேவை. கட்டங்கள் இடம் மாறும்போது சில பதிவுகளில் அவை வழுக்கிக்கொண்டு நகர்வது போலத் தெரியும். அந்த நகர்வில் அரை நொடி வேறொரு முகம் நம் சட்டத்துக்குள் எட்டிப் பார்த்துவிடும். அரை நொடிதானே என்று விட முடியாது. வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுக்க அது போதும். அங்கே டாக்டருடைய கடைசி நல்ல படத்தை ஒரு நொடி அப்படியே உறைய வைத்து, ஒலியை மட்டும் ஓட விடுவது நல்லது. எடிட்டிங் மென்பொருள்களில் இதை ஃப்ரீஸ் ஃபிரேம் என்பார்கள். ஒரு நொடி முகம் அசையாமல் நின்றால், இணையம் தடுக்கியது என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

மவுஸால் எடிட் செய்கிறவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை. துண்டு போடாமல், கீஃபிரேம் வைத்து வெட்டும் சட்டத்தைப் பழைய இடத்திலிருந்து புதிய இடத்துக்கு நகர்த்தத் தோன்றும். இரண்டு கீஃபிரேம்களுக்கு நடுவே மென்பொருள் சட்டத்தைச் சீராக நகர்த்திக்கொண்டு போகும். வழியில் இருக்கும் ஒவ்வொருவருடைய முகத்தின் மீதும் அது ஊர்ந்துதான் போகும். ஆகவே கீஃபிரேம் வேண்டாம். டைம்லைனில் கத்தரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண்களைக் கொடுங்கள்.

நான்கு துண்டுகளும் ஒரே அளவில், ஒரே முறையில் உருவானவை என்பதால் ஒட்டுவது எளிது. கோப்புகளின் பெயர்களை `list.txt` என்ற கோப்பில் வரிக்கு ஒன்றாக `file 'part1.mp4'` என்பது போல எழுதிவிட்டு:

```
ffmpeg -f concat -safe 0 -i list.txt -c copy talk.mp4
```

பிறகு முன்பு செய்த அதே தாள் சோதனையை `talk.mp4` கோப்பின் மீது ஓட்ட வேண்டும். ஏழு தாள்களிலும் டாக்டரைத் தவிர வேறு முகம் இருக்கக்கூடாது. அதோடு நிறுத்தாமல், ஒருவர் உட்கார்ந்து முழு வீடியோவையும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். 21 நிமிட வேலை. இதைத் தவிர்க்க எனக்கு இதுவரை வழி எதுவும் தெரியவில்லை.

வெட்டியது உண்மையிலேயே வெட்டியதுதானா என்பது அடுத்த கேள்வி. சில மென்பொருள்கள் வெட்டுவது போலக் காட்டும், மறைக்க மட்டுமே செய்யும். பவர்பாயின்ட் ஸ்லைடில் ஒரு வீடியோவை வைத்து ஓரங்களை வெட்டினால், முழு வீடியோவும் கோப்புக்குள் அப்படியே இருக்கிறது. அந்த ஸ்லைடைப் பெறுகிறவர் வெட்டை நீக்கிவிட்டு ஒன்பது பேரையும் பார்க்கலாம். வீடியோ கோப்பிலேயே, படத்தைத் தொடாமல் ‘இந்தப் பகுதியை மட்டும் காட்டு’ என்று ஒரு குறிப்பை மட்டும் எழுதும் முறையும் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எளிய அடையாளம் நேரம்தான். 42 நிமிட வீடியோவை உண்மையாக வெட்டிப் புதிதாக எழுத, சாதாரணக் கணினிக்குச் சில நிமிடங்களாவது ஆகும். இரண்டு நொடியில் முடிந்துவிட்டது என்றால், எதுவும் வெட்டப்படவில்லை என்று சந்தேகப்படுங்கள்.

நிலைப்படங்களிலும் இது நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில் சைமன் ஆரன்ஸ், டேவிட் புக்கானன் என்ற இருவர் ஒரு குறையை வெளிப்படுத்தினார்கள். கூகுள் பிக்சல் போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிச் சேமித்தால், புதிய சிறிய படம் பழைய பெரிய படத்தின் மீது எழுதப்பட்டது. ஆனால் பழைய கோப்பின் வால் பகுதி அழிக்கப்படாமல் அதன் பின்னாலேயே தங்கியது. அதிலிருந்து வெட்டிய பகுதியில் பெரும்பங்கை மீட்க முடிந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே போன்ற குறை கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள், ஆனால் அதற்கு முன் வெட்டி அனுப்பிய படங்கள் அனுப்பிய இடங்களில்தான் இருக்கின்றன. யூடியூப் வீடியோவின் முகப்புப் படத்துக்குக் கூட்டத்தின் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டிப் போடுவதைவிட, `talk.mp4`-இலிருந்தே ஒரு படம் எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது. மற்றவர்கள் அந்தக் கோப்பில் இல்லவே இல்லை.

முகத்தை மறைத்தாயிற்று. குரல்? 24-வது நிமிடத்தில் ஒரு பெண் இடைமறித்து, ‘டாக்டர், எனக்கு ரெண்டாவது ஆபரேஷனுக்கு அப்புறம் இடது கை…’ என்று தொடங்குகிறார். டாக்டர் அன்போடு அவரைப் பெயர் சொல்லி அழைத்துப் பதில் சொல்கிறார். ஊரில் தெரிந்தவர்களுக்கு அந்தக் குரலே போதும், பெயரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெட்டும் கருவி எதுவும் ஒலியைத் தொடுவதில்லை.

கேள்வி வரும் இடத்தில் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு, கேள்வியின் சாரத்தை மட்டும் திரையில் எழுத்தாகப் போடுவேன். ‘இரண்டாவது அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு’ என்ற விவரம்கூட வேண்டாம். ‘ஒரு கையில் மட்டும் வீக்கம் இருந்தால் என்ன செய்வது?’ என்பது போதும். டாக்டர் பெயர் சொல்லும் அந்த ஒரு நொடியிலும் ஒலியை அணைக்க வேண்டும். குரலை மாற்றும் எஃபெக்ட் போடுவதை நான் விரும்புவதில்லை. பேசும் விதம், இருமல், வட்டார வழக்கு எல்லாம் அதில் தப்பிவிடும். மேலும் குற்றவாளியின் வாக்குமூலம் போல ஒலிப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் மரியாதை இல்லை. ஜூமில் கணினியிலேயே பதிவு செய்யும்போது ஒவ்வொருவர் ஒலியையும் தனித்தனிக் கோப்பாகச் சேமிக்கும் வசதி உண்டு. கூட்டத்துக்கு முன்பே அதைச் செட்டிங்கில் போட்டிருந்தால், டாக்டருடைய ஒலிக் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவர்களை முழுதாக விட்டுவிடலாம். பிந்தைய வேலையில் பாதியை இது மிச்சப்படுத்தும்.

முன்பே செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. ஜூமில் கூட்டம் நடத்துபவர் டாக்டரை ஸ்பாட்லைட் செய்தால், எல்லோருடைய திரையிலும் கிளவுட் பதிவிலும் டாக்டரே முதன்மையாக இருப்பார். பின் செய்வது வேறு. அது பின் செய்தவருடைய திரையையும் அவர் கணினியில் செய்யும் பதிவையும் மட்டும்தான் மாற்றும், கிளவுட் பதிவைத் தொடாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பின் செய்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் கிளவுடில் பதிவு செய்பவர்கள் பலர். ஸ்பாட்லைட் இல்லாமல் ஸ்பீக்கர் வியூவை மட்டும் நம்பவும் கூடாது. யார் மைக்கில் சத்தம் வருகிறதோ அவரைக் காட்டுவது அதன் வேலை. மைக்கை அணைக்காத ஒருவர் இருமினால், அவர் முழுத் திரையில் வருவார்.

இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று உண்டு. டாக்டர் கூட்டத்தில் பேசும்போதே, பக்கத்தில் ஒரு செல்போனை ஸ்டாண்டில் வைத்துத் தன்னை மட்டும் வீடியோ எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டினால், கூட்டத்தின் பதிவோடு நேரத்தைப் பொருத்திக்கொள்ள உதவும். முழுத் தெளிவான படம் கிடைக்கும். டாக்டர் இயர்போன் போட்டிருந்தால் மற்றவர்களின் குரலே அதில் விழாது. டாக்டர் வாய்விட்டுச் சொல்லும் பெயர்கள் மட்டும்தான் மிஞ்சும், அவற்றை நீக்குவது சின்ன வேலை. கை வீக்கத்துக்கான பயிற்சியைச் செய்து காட்டும் பேச்சுக்கு, விரல்கூடத் தெளிவில்லாத 400 பிக்சல் படத்தைவிட இதுதான் நோயாளிகளுக்கு உண்மையில் உதவும்.

இனி மிச்சமிருப்பது மூலப் பதிவு. யூடியூபில் ஏறிய வீடியோவில் ஒருவர்தான் இருப்பார், ஆனால் ஒன்பது பேரும் உள்ள `meeting.mp4` ஒருங்கிணைப்பாளரின் கணினியில் இருக்கிறது. அதன் அருகிலேயே அரட்டைக் கோப்பு ஒன்றும், எழுத்துவடிவப் பேச்சு சேமிக்கப்பட்டிருந்தால் அதுவும் இருக்கும். இரண்டிலும் பெயர்கள் வரிவரியாக உள்ளன. வீடியோவோடு சேர்த்து முழு ஃபோல்டரையும் யாருக்காவது அனுப்பினால், வெட்டிய வேலை எல்லாம் வீண். கிளவுடில் பதிவு செய்திருந்தால், கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு அனுப்பிய பழைய இணைப்பு இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அதைப் பகிர்வதை முதலில் நிறுத்த வேண்டும். பிறகு பதிவை அழிக்க வேண்டும். அழித்த பதிவு ஜூமின் டிராஷில் 30 நாள் வரை இருக்கும், அங்கே போய் மறுபடி ஒருமுறை அழித்தால்தான் உடனே போகும். வாட்ஸாப் குழுவில் யாராவது முழுப் பதிவையும் ஏற்கெனவே பகிர்ந்திருக்கிறார்களா என்று கேட்டு, இருந்தால் நீக்கச் சொல்ல வேண்டும்.